தேடுபவர் அடிக்கும் சொல்: விளையாட்டுக்குப் பெயரும் தேடுசொற்களும்

ப்ளே ஸ்டோரின் தேடல் பெட்டிக்கு வருபவர்கள் இரண்டு விதம். ஒருவர் உங்கள் விளையாட்டின் பெயரை யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறார். அந்தப் பெயரையே அடிக்கிறார். இன்னொருவருக்கு நீங்கள் யாரென்றே தெரியாது. தனக்குப் பழக்கமான ஓர் ஆட்டம் போனில் கிடைக்குமா என்று பார்க்க வந்திருக்கிறார். அந்த ஆட்டத்தைத் தன் வீட்டில் எப்படிச் சொல்வார்களோ அப்படியே அடிக்கிறார். முதலாமவருக்கு வேறு யாரிடமும் இல்லாத ஒரு தனிப்பெயர் தேவை. இரண்டாமவருக்கு எல்லோர் வாயிலும் இருக்கும் பொதுப்பெயர் தேவை. விளம்பரத்துக்குப் பணமில்லாத சிறு வெளியீடு இந்த இருவரையும் நம்பித்தான் பிழைக்க வேண்டியிருக்கிறது. ஆனால் பெயர் எழுதும் பெட்டியில் இடம் மொத்தம் 30 எழுத்துக்குறிகள்தான்.

இந்த அத்தியாயம் முழுவதும் ஒரே ஒரு விளையாட்டை வைத்துக்கொண்டு போவோம். தனி ஆள் ஒருவர் ஆண்ட்ராய்டு போனுக்காக ஆடு புலி ஆட்டத்தைச் செய்து முடித்திருக்கிறார். மூன்று புலி, பதினைந்து ஆடு, முக்கோணக் கட்டம். ஒரே போனை நடுவில் வைத்து இருவர் ஆடலாம். துணை இல்லாவிட்டால் போனோடு ஆடலாம். இணையம் தேவையில்லை. இதை யார் தேடுவார்கள், என்ன அடிப்பார்கள், என்ன பெயர் வைத்தால் அவர்கள் கண்ணில் படும் என்பதுதான் கேள்வி.

சொற்களைச் சேகரிப்பது

பெயர் யோசிப்பதற்கு முன்னால் தேடுசொற்களைச் சேகரியுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: பெயரை முடிவு செய்து, படம் வரைந்து, எல்லாம் ஆன பிறகு கடைசி நாளில் தேடுசொல்லைப் பற்றி நினைக்கிறார்கள். அப்போது பெயரை மாற்ற மனம் வராது.

சேகரிக்க நல்ல வழி ஆட்களிடம் கேட்பது. கேட்கும் விதத்தில்தான் நுட்பம் இருக்கிறது. ஆட்டத்தின் பெயரை நீங்கள் சொல்லிவிடக் கூடாது. கட்டத்தின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, “இந்த ஆட்டம் போன்ல வேணும்னா என்னன்னு தேடுவீங்க? அப்படியே டைப் பண்ணி அனுப்புங்க” என்று கேளுங்கள். குரல் பதிவாக அனுப்பினால் பயனில்லை. எழுத்துக்கூட்டல்தான் நமக்கு வேண்டும். அத்தை, மாமா, தம்பியின் கல்லூரி நண்பர்கள், வெளிநாட்டில் இருக்கும் பெரியப்பா மகள் என்று வயதும் ஊரும் கலந்து ஒரு இருபது பேரிடமாவது வாங்குங்கள்.

வருகிற பதில்களைப் பார்த்தால் தமிழ் ஆட்டங்களுக்கே உரிய சிக்கல் உடனே தெரியும். நம்மில் பெரும்பாலோர் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் அடிக்கிறோம். அதற்கு ஒரே முறை என்று எதுவும் இல்லை. ஆடு என்பதை ஒருவர் `aadu` என்பார், மற்றவர் `adu` என்பார். ஆட்டம் என்பது `aattam`, `attam`, `aatam`, `atam` என நான்காகப் பிரியும். இடையில் வரும் `puli` மட்டும்தான் அநேகமாக எல்லோர் கையிலும் ஒரே மாதிரி வரும். இரண்டு ஆடும் நான்கு ஆட்டமும் சேர்ந்தாலே எட்டு வடிவங்கள். சொற்களை ஒட்டி `aadupuliaattam` என்று அடிப்பவர்கள் வேறு. குரல்தேடலில் தமிழில் பேசுபவர்களுக்கோ தமிழ் எழுத்திலேயே சொல் விழும். ஆகவே ‘ஆடு புலி ஆட்டம்’ என்று தமிழில் எழுதப்பட்டதும் உங்கள் பட்டியலில் இருக்க வேண்டும்.

இத்தனையையும் எங்கே திணிப்பது என்று கலங்க வேண்டாம். ஒரு சிறு சோதனை பாதிப் பாரத்தை இறக்கிவிடும். இந்த வகையில் ஏற்கனவே வெளிவந்திருக்கும் விளையாட்டுகளை வைத்து, ஒவ்வொரு எழுத்துக்கூட்டலையும் ப்ளே ஸ்டோரில் அடித்துப் பாருங்கள். வரும் முதல் ஐந்தாறு முடிவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். `aattam`, `attam` இரண்டுக்கும் அதே பட்டியல் வந்தால், கடையே அந்த இரண்டையும் ஒன்றாகப் புரிந்துகொள்கிறது என்று பொருள். அவற்றில் ஒன்றை மட்டும் எழுதினால் போதும். பட்டியல் மாறினால் மட்டுமே இரண்டாவது வடிவத்துக்கும் எங்காவது இடம் தர வேண்டும். இந்தச் சோதனையை உங்கள் வழக்கமான கணக்கில் செய்யாதீர்கள். நீங்கள் என்னென்ன இன்ஸ்டால் செய்திருக்கிறீர்கள் என்பது முடிவுகளைப் பாதிக்கும். கணக்கில் நுழையாத உலாவியிலும், வேறொருவர் போனிலும் பாருங்கள்.

தேடல் பெட்டி தானாக நீட்டும் பரிந்துரைகளும் பயனுள்ளவை. `aadu` என்று அடித்துவிட்டு நிறுத்துங்கள். பிறகு `aadu p`. கீழே விரிபவை பெரும்பாலும் மற்றவர்கள் தேடியவற்றிலிருந்து வருபவை. அங்கே உங்கள் சொல் வந்தால் அதைத் தேடுபவர்கள் இருக்கிறார்கள். எந்த எழுத்துக்கூட்டலோடு வருகிறதோ அதையே தலைப்புக்கு எடுத்துக்கொள்ளலாம்.

ஆள் வரும், ஆனால் தவறான ஆள்

சேகரித்த பட்டியலைப் பார்க்கும்போது பெரிய சொற்கள் மீது ஆசை வரும். `tiger game` என்று தேடுபவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்! `goat game` என்று தேடும் பிள்ளைகள் எத்தனை பேர்! ஆனால் அவர்கள் தேடுவது வேறு. புலியாகவே மாறிக் காட்டில் வேட்டையாடும் முப்பரிமாண விளையாட்டு ஒன்று. 2014-ல் வந்து புகழ்பெற்ற ‘கோட் சிமுலேட்டர்’ போல ஊரை முட்டித் தள்ளும் ஆடு இன்னொன்று. அவர்களுக்குக் கட்டத்தில் காய் நகர்த்தும் ஆட்டம் தேவையில்லை. முதலில் நீங்கள் அந்தப் பட்டியலில் மேலே வருவதே கடினம். வந்தாலும், படத்தைப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போவார்கள். தாண்டாமல் இன்ஸ்டால் செய்தவர் ஒரே நிமிடத்தில் நீக்கிவிட்டு ஒரு நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போவார். ஐந்து பேர் மட்டும் மதிப்பிட்ட விளையாட்டுக்கு அந்த ஒற்றை நட்சத்திரம் பெரிய அடி. ஊரில் ஆடிப் பழகிய ஒருவர் அடுத்த நாள் வரும்போது, அவர் காண்பது குறைந்த மதிப்பெண்.

இதைவிட நுட்பமான பொறி `bagh chal`. நேபாளத்தின் பாக் சால் நம் ஆட்டத்துக்கு நெருங்கிய உறவு. அங்கும் புலி ஆட்டைத் தாண்டி வெட்டும். ஆடுகள் சுற்றி வளைத்துப் புலியை அடைக்கும். அதைத் தேடுபவர்களும் அதிகம். எனவே அந்தச் சொல்லையும் சேர்த்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் பாக் சால் சதுரக் கட்டத்தில் ஆடப்படுவது: 25 புள்ளிகள், 4 புலி, 20 ஆடு. காத்மாண்டுக்காரர் ஒருவர் அந்தப் பெயரை நம்பி உங்கள் விளையாட்டைத் திறந்தால் முக்கோணத்தையும் மூன்று புலியையும் பார்த்து ஏமாந்துபோவார். அவர் கோபத்தில் எழுதும் விமர்சனம் நியாயமானதாகவும் இருக்கும். உங்கள் விளையாட்டிலேயே பாக் சால் கட்டத்தையும் ஒரு தேர்வாகச் சேர்த்தால் மட்டும் அந்தச் சொல்லைத் தொடுங்கள்.

தெலுங்கின் `puli meka` அப்படியில்லை. அங்கும் அதே மூன்று புலி, பதினைந்து ஆட்டுக் கட்டத்தை ஆடுகிறார்கள். கன்னடத்தில் `aadu huli` என்பதும் இதன் உறவே. ஆனால் ஊருக்கு ஊர் கட்டமும் எண்ணிக்கையும் மாறும். அந்த மொழிக்காரர் ஒருவரிடம் கட்டத்தின் படத்தைக் காட்டி, “உங்க ஊர்ல ஆடுறது இதுதானா?” என்று உறுதி செய்துகொண்ட பிறகே சேர்க்க வேண்டும். நான் எந்தத் தேடுசொல்லையும் இப்படித்தான் எடை போடச் சொல்வேன்: அதை அடித்து வந்தவர், விளையாட்டைத் திறந்த முதல் நிமிடத்தில் தான் தேடியதைக் காண்பாரா? காணமாட்டார் என்றால், எத்தனை பேர் தேடும் சொல்லாக இருந்தாலும் அதைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள்.

பிற விளையாட்டுகளின் பெயர்களும் இப்படி நீக்க வேண்டியவைதான். ‘லூடோ கிங்’ போன்ற பெயரை விவரத்தில் நுழைத்தால் அதைத் தேடும் கூட்டத்தில் ஒரு துளி நமக்கும் கிடைக்குமென்று நினைப்பவர்கள் உண்டு. கூகுள், ஆப்பிள் இரண்டின் விதிகளும் இதற்கு இடம் தருவதில்லை. 2014-ல் ‘ஃப்ளாப்பி பேர்ட்’ கடையை விட்டு விலகியதும், அந்த முதல் சொல்லைத் தலைப்பில் ஒட்டிக்கொண்டு வந்த விளையாட்டுகளை ஆப்பிள் திருப்பி அனுப்பியது. வேறொரு புகழ்பெற்ற செயலியின் பெயரில் குளிர்காய்வதாகக் காரணம் சொன்னது.

தனிப்பெயர்

இப்போது பெயர். ‘ஆடு புலி ஆட்டம்’ என்று மட்டும் வைத்துவிடலாமே என்பது முதல் எண்ணமாக இருக்கும். பொதுப்பெயரைத் தேடுபவருக்கு அது சரியாகப் பொருந்தும். ஆனால் அதே பெயரில் முன்பே விளையாட்டுகள் இருக்கின்றன. உங்கள் விளையாட்டை ஆடி மகிழ்ந்த ஒருவர், “ஆடு புலி ஆட்டம் டவுன்லோடு பண்ணிப் பாரு மச்சான்” என்று நண்பரிடம் சொன்னால், நண்பர் பட்டியலில் முதலில் நிற்கும் இன்னொருவர் விளையாட்டை இறக்குவார். வாய்வழிப் பரிந்துரை அத்தனையும் பக்கத்துக் கடைக்குப் போகிறது. இணையத்திலும் யூட்யூபிலும் இந்தப் பெயரைத் தேடினால் நிலைமை இன்னும் மோசம்: 1977-ல் ரஜினியும் கமலும் நடித்த படம் ஒன்று இதே பெயரில் இருக்கிறது; 2016-ல் ஜெயராம் நடித்த மலையாளப் படம் ஒன்றும் இருக்கிறது. உங்கள் முன்னோட்ட வீடியோ அவற்றுக்கு அடியில் புதைந்துவிடும்.

ஒரே பெயர் இரண்டு விளையாட்டுகளுக்கு இருந்தால் ஆட்கள் எப்படி இடம் மாறுவார்கள் என்பதற்கு வேர்டில் நல்ல சான்று. 2022 ஜனவரியில் அந்தச் சொல் விளையாட்டு உலகமெங்கும் பரவியபோது அது ஓர் இணையப் பக்கமாக மட்டுமே இருந்தது, செயலி கிடையாது. ஆனால் பல ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் வெளியிட்டு மறந்துபோன, அதே பெயர் கொண்ட வேறொரு விளையாட்டு ஆப் ஸ்டோரில் இருந்தது. ஜனங்கள் கேட்ட பெயரை அடித்தார்கள், கண்ட விளையாட்டை இறக்கினார்கள். வந்தவர்கள் தேடியது அது இல்லை.

ஆகவே பொதுப்பெயருக்கு முன்னால் ஒரு தனிச்சொல் வேண்டும். நம் விளையாட்டுக்கு மூன்று பெயர்கள் யோசிக்கப்பட்டதாக வைத்துக்கொள்வோம்: மூன்று புலி, பட்டி, கிடை.

முதலில் ‘மூன்று புலி’. ஆட்டத்தை அப்படியே சொல்கிறது, காதுக்கும் நன்றாக இருக்கிறது. `Moondru Puli: Aadu Puli Aattam` என்று எழுதினால் சரியாக 30 குறிகள். ஓர் எழுத்துகூட மிச்சமில்லாமல் பொருந்தும். ஆனால் தொலைபேசியில் இந்தப் பெயரைக் கேட்ட ஒருவரை எழுதச் சொல்லுங்கள். `moondru`, `mundru`, `moonru`, `moonu`, `3 puli` எல்லாம் வரும். தனிப்பெயரின் வேலையே கேட்டவர் பிழையில்லாமல் அடிப்பதுதான். பொதுப்பெயர் பலவாறு எழுதப்படுவதை நம்மால் தடுக்க முடியாது. தனிப்பெயரில் அதே தலைவலியை நாமே இழுத்துக்கொள்ளத் தேவையில்லை.

இரண்டாவது ‘பட்டி’. ஆட்டுப்பட்டி என்ற பொருளில் சுருக்கமான, மண்ணோடு ஒட்டிய பெயர். ஆனால் ப்ளே ஸ்டோரில் `patti` என்று அடித்துப் பாருங்கள்: தீன் பத்தி சீட்டாட்டங்கள் வரிசை கட்டும். அவற்றுக்கு இருக்கும் பதிவிறக்கங்களோடு நம்மால் போட்டி போட முடியாது. வெற்றி பெற்றாலும் வருகிறவர்கள் சீட்டாட வந்தவர்கள். இந்தப் பெயர் கடைக்குள் கால் வைக்கும் முன்பே தோற்றுவிட்டது.

மூன்றாவது ‘கிடை’. வயலில் ஆடுகளை இரவு மடக்கி வைக்கும் கிடை. கி. ராஜநாராயணனின் குறுநாவல் ஒன்றுக்கும் இதுதான் பெயர். புத்தகம் தேடுபவரும் போனில் விளையாட்டுத் தேடுபவரும் வேறு வேறு பெட்டிகளில் தேடுவதால் மோதல் வராது. சொல்லிக் காட்டினால் பத்தில் ஒன்பது பேர் `kidai` என்றே எழுதுவார்கள். ஐந்தே எழுத்து. ஐகானுக்கு அடியில் வெட்டுப்படாமல் முழுதாகத் தெரியும். நீண்ட பெயர்கள் போனின் முகப்பில் பாதியிலேயே முற்றுப்புள்ளிகளாகிவிடும். டொரோண்டோவின் விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்ட ‘வெண்பா’வின் பெயரும் இதே காரணத்தால்தான் நன்றாக உழைக்கிறது என்பது என் கணிப்பு: தமிழறியாத வெளிநாட்டவரும் கேட்டபடி `Venba` என்று எழுதிவிடலாம், அந்தப் பெயரில் கூட்டமும் இல்லை.

‘கிடை’யிலும் ஒரு குறை உண்டு. முதல் மூன்று எழுத்து `kid`. அதுவரை அடித்த கைக்குக் கீழே குழந்தைகள் விளையாட்டுகள் பரிந்துரையாக விரியும். முழுதாக ஐந்தெழுத்தும் அடித்து முடித்தவருக்குத்தான் நம் பெயர். அதோடு, தனக்குப் பழக்கமில்லாத சொற்களைத் தேடல் இயந்திரம் எழுத்துப்பிழை என்று நினைத்துத் தானே திருத்திவிடும் ஆபத்தும் இருக்கிறது. எனவே பெயரை உறுதி செய்வதற்கு முன், கடையில் அந்தச் சொல்லை முழுதாக அடித்துப் பாருங்கள். வேறு சொல்லுக்கான முடிவுகளைக் காட்டுவதாக மேலே ஒரு வரி வந்தால், வெளியீட்டுக்குப் பிறகு சில வாரங்களாவது உங்கள் பெயரை அடிப்பவர் உங்களிடம் வந்து சேரமாட்டார். அந்த வரி வராவிட்டால் `kid` பற்றிய குறை பொறுத்துக்கொள்ளக் கூடியது. பின்னால் பொதுப்பெயரும் சேர்ந்து வருவதால், `kidai puli` என்று அரைகுறையாக நினைவுவைத்து அடிப்பவரும் வந்துவிடுவார்.

சட்டப் பக்கமும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும். இந்திய வணிகக்குறிப் பதிவகத்தின் இணையதளத்தில் யாரும் இலவசமாகத் தேடலாம். மென்பொருளுக்கு வகை 9, பொழுதுபோக்குச் சேவைக்கு வகை 41. அதே பெயரும், ஒலியில் நெருங்கிய பெயரும் இந்த இரண்டு வகைகளில் இருக்கின்றனவா என்று பாருங்கள். சாதாரணச் சொல்தானே என்று அலட்சியம் வேண்டாம். ‘மைன்கிராஃப்ட்’ செய்த மொஜாங் நிறுவனம் தன் சீட்டு விளையாட்டுக்கு ‘ஸ்க்ரோல்ஸ்’ என்று பெயர் வைத்தபோது, ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ்’ தொடரின் உரிமையாளர்கள் 2011-ல் வழக்குப் போட்டார்கள், 2012-ல்தான் சமரசமானது. மொஜாங்குக்கு வழக்கறிஞர் வைக்க முடிந்தது. தனி ஆள் ஒருவருக்குக் கடையிலிருந்து விளையாட்டை நீக்கச் சொல்லும் ஒரு கடிதமே போதும், எல்லாம் நின்றுவிடும்.

பெட்டிகளை நிரப்புவது

கூகுள் ப்ளேயில் தேடுசொற்களுக்கென்று தனிப் பெட்டி கிடையாது. தலைப்பு 30 குறிகள், குறுவிவரம் 80, முழுவிவரம் 4000. இவற்றில் நீங்கள் எழுதும் உரையிலிருந்தே கடை சொற்களை எடுத்துக்கொள்கிறது. தலைப்பில் இருக்கும் சொல்லுக்கே அதிக எடை. தலைப்பில் இலவசம், சிறந்தது, முதலிடம் என்ற பொருள் தரும் சொற்களுக்கும் எமோஜிகளுக்கும் அனுமதியில்லை.

நம் விளையாட்டின் ஆங்கிலப் பக்கத்துக்குத் தலைப்பும் குறுவிவரமும் இப்படி அமையலாம்:

```
Kidai: Aadu Puli Aattam
3 tigers, 15 goats, two players on one phone. Classic Tamil board game, offline.
```

தலைப்பு 23 குறிகள். மிச்சம் ஏழு இருக்கிறதே என்று `Game` என்ற சொல்லை ஒட்டத் தோன்றும், வேண்டாம். எல்லா விளையாட்டுக்கும் பொதுவான அந்தச் சொல் யாரையும் கூட்டி வராது. குறுவிவரம் சரியாக 80. அதில் எண்ணிக்கையை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு: ஆட்டம் தெரிந்தவர் மூன்று, பதினைந்து என்று பார்த்ததும் இது நம்ம ஆட்டம் என்று அறிந்துகொள்வார். பாக் சால் தேடி வந்தவரும் அதே இடத்தில் இது வேறு என்று அறிந்து விலகிவிடுவார். `offline`, `two players`, `board game` ஆகியவை ஆட்டத்தின் பெயரே நினைவில்லாமல் தேடுபவர்களுக்கான சொற்கள்.

தமிழ்ப் பக்கத்தைத் தனியாகச் சேருங்கள். ப்ளே கன்சோலில் தமிழ் மொழிக்கு வசதி உண்டு. தலைப்பு ‘கிடை: ஆடு புலி ஆட்டம்’. குறுவிவரம் ‘3 புலி, 15 ஆடு. ஒரே போனில் இருவர் ஆடலாம். இணையம் தேவையில்லை.’ தமிழில் எண்ணும்போது கவனம் வேண்டும். நம் கண்ணுக்கு ‘கி’ ஓரெழுத்து. கணினிக்குக் ககரம் ஒன்று, கொக்கி ஒன்று என இரண்டு. புள்ளி வைத்த மெய்யும் இரண்டு. அதனால் கண்ணுக்குச் சிறிதாகத் தெரியும் இந்தத் தலைப்பு 21 குறிகளைப் பிடிக்கிறது. காகிதத்தில் எண்ணி எழுதிவிட்டுப் பெட்டியில் ஒட்டினால் கடைசிச் சொல் நுழையாமல் நிற்கும். பெட்டியின் ஓரத்தில் ஓடும் எண்ணை மட்டும் நம்புங்கள்.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல். நம் ஆட்களில் பலர் போனை ஆங்கிலத்தில் வைத்திருந்தாலும் தமிழில் பேசித் தேடுவார்கள். அவர்களுக்குக் காட்டப்படுவது ஆங்கிலப் பக்கம். ஆகவே ஆங்கில முழுவிவரத்தின் முதல் பத்தியில் ‘ஆடு புலி ஆட்டம்’ என்பதைத் தமிழ் எழுத்தில் ஒருமுறை எழுதிவிடுங்கள். மீதியிருக்கும் எழுத்துக்கூட்டல்களில், முன்பு செய்த சோதனையில் தனிப் பட்டியல் தந்தவற்றை மட்டும், இயல்பான ஒரு வாக்கியத்துக்குள் வையுங்கள்: சிலர் `adu puli attam` என்றும் எழுதுவார்கள், தெலுங்கில் இது `puli meka` என்பதுபோல. எட்டு வடிவங்களையும் காற்புள்ளி போட்டு அடுக்கினால் அது தேடுசொல் குவியல். கூகுளின் விதி அதைத் தடுக்கிறது, பக்கம் நிராகரிக்கப்படலாம். படிக்கிறவருக்கும் அது அசிங்கமாகத் தெரியும். தெலுங்கில் எழுதத் தெரிந்தவர் கிடைத்தால், அந்த மொழிக்கே தனிப் பக்கம் திறந்து `puli meka` என்பதைத் தெலுங்கு எழுத்தில் தலைப்புக்கே கொண்டுபோவது இதைவிட எவ்வளவோ மேல்.

ஆப் ஸ்டோரில் வெளியிட்டால் கணக்கு கொஞ்சம் மாறும். பெயருக்கு 30, துணைத்தலைப்புக்கு 30, அத்தோடு வெளியே தெரியாத தேடுசொல் பெட்டி ஒன்று 100. பெயரிலும் துணைத்தலைப்பிலும் வந்த சொல்லை அந்தப் பெட்டியில் திரும்ப எழுதுவது வீண். காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விடுவதும் வீண். துணைத்தலைப்பு `Tiger and goat board game` என்றால் பெட்டி இப்படி இருக்கலாம்:

```
attam,aatam,meka,huli,lamb,strategy,tamil,offline,village,two,player
```

வெளியிட்ட பிறகு

ப்ளே கன்சோலில் கடைப்பக்கத்தின் செயல்பாட்டைக் காட்டும் பகுதியில், தேடல் வழியாக வந்தவர்களை அவர்கள் அடித்த சொல்வாரியாகப் பிரித்துப் பார்க்கலாம். ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தைப் பார்த்தவர் எத்தனை, இன்ஸ்டால் செய்தவர் எத்தனை என்று இருக்கும். சிறு எண்ணிக்கைகளை அது தனித்துக் காட்டாமல் மொத்தமாக ஒரே வரியில் போட்டுவிடும். அதனால் முதல் மாதம் அநேகமாக எதுவும் தெரியாது. அதற்காகப் பதறிப் பெயரை மாற்றாதீர்கள்.

சொற்கள் தெரியத் தொடங்கியதும் மூன்று விஷயங்களைப் பாருங்கள். தனிப்பெயரான `kidai` என்று அடித்து வருபவர்கள் இருக்கிறார்களா? இருந்தால் வாய்வழிப் பேச்சு நடக்கிறது. `aadu puli` வகைச் சொற்களில் வந்தவர்களில் பாதிக்கு மேல் இன்ஸ்டால் செய்யாமல் போகிறார்களா? அப்படியானால் சொல் சரி, பக்கம் சரியில்லை. பெரும்பாலும் முதல் படத்தில் கட்டம் தெளிவாகத் தெரியாததே காரணமாக இருக்கும்: அலங்காரமான முகப்புப் படத்தை எடுத்துவிட்டு, முக்கோணக் கட்டமும் காய்களும் தெரியும் ஆட்டத்திரையை முதலில் வையுங்கள். மூன்றாவது, ஏதாவது ஒரு சொல் நிறையப் பேரைக் கூட்டி வந்து, இன்ஸ்டாலும் நடந்து, ஆனால் முதல் நாளே நீக்குபவர்கள் கூடுகிறார்களா? விமர்சனங்களில் புலியை ஓட்ட முடியவில்லை, இது வேறு ஆட்டம் என்ற குறைகள் வருகின்றனவா? அப்போது விவரத்தில் அந்தச் சொல் எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று தேடி எடுத்துவிடுங்கள்.

மாற்றும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றிய தேதியைக் குறித்துவையுங்கள். சிறு வெளியீட்டில் எண்கள் சிறியவை என்பதை மறக்க வேண்டாம். ஒரு வாரம் நாற்பது பேர் பார்த்துப் பத்துப் பேர் இறக்கினார்கள், அடுத்த வாரம் பதின்மூன்று பேர் என்றால் அது புதிய குறுவிவரத்தின் வெற்றி ஆகிவிடாது. பொங்கல் விடுமுறையில் யாரோ ஒரு சித்தப்பா தன் குடும்பக் குழுவில் இணைப்பை அனுப்பியிருக்கலாம். ஆறு முதல் எட்டு வாரம் விட்டு, முன்னும் பின்னும் ஒரே நீளமுள்ள காலத்தை ஒப்பிடுங்கள்.

தனிப்பெயரை மாற்றுவது கடைசி வழி. தலைப்பைக் கன்சோலில் எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம்; ஆனால் பழைய பெயரைக் கேட்டவர்கள் பழைய பெயரைத்தான் அடிப்பார்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால், முழுவிவரத்தில் பழைய பெயரையும் ஒரு வரியில் சொல்லி வையுங்கள். பேக்கேஜ் பெயர் என்று ஒன்று இருக்கிறது. விளையாட்டின் இணைய முகவரியில் `id=` என்பதற்குப் பின்னால் வருவது. அதை முதல் வெளியீட்டுக்குப் பிறகு மாற்றவே முடியாது. பெயர் இன்னும் உறுதியாகாத நிலையில் அங்கே `kidai` என்று எழுதுவதைவிட, `tigergoat` போல ஆட்டத்தின் வகையைச் சொல்லும் பொதுவான ஒன்றை எழுதிவிடுங்கள். கடையின் முகப்பில் என்ன பெயர் மாறினாலும் அந்த முகவரி உறுத்தாமல் இருக்கும்.